தூணுக்குள் மழை

ரோஸ்ஹில், மார்ச் 9

அன்புள்ள சண்முகம்,

திட்டாதே. உன் கடிதம் பொங்கலுக்கே வந்துவிட்டது. தைப்பூசக் காவடி முடிந்ததும் எழுதலாம் என்றிருந்தேன், அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். பெரியவள் ரீயூனியனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், போனில் பிரெஞ்சாகப் பொழிகிறாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வார்டன் இன்னும் உயிரோடு இருக்கிறாரா? அந்தக் குடையைத் திருப்பிக் கேட்டால் நான் மொரீஷியசில் இல்லை என்று சொல்லிவிடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் கூரை கூரையாக ஏறி இறங்கியவன் நீ. உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

இங்கே மேட்டுப் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், பராமரிப்பு வேலை எங்கள் கம்பெனியிடம் இருக்கிறது. இரண்டு மாடி வகுப்புக் கட்டிடம் ஒன்று, நூலகக் கட்டிடம் ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கிழக்கு மேற்காக ஒரு நடைக்கூடம். நீளம் 36 மீட்டர், அகலம் 3 மீட்டர். 4 மீட்டருக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் பத்துப் பத்துத் தூண்கள், மேலே தட்டையான காங்கிரீட் கூரை. பார்க்க அழகுதான், ஒரு குழாய்கூடக் கண்ணில் படாது. அங்கேதான் வினையே ஆரம்பம். மழைநீர்க் குழாய்களைத் தூண்களுக்குள் விட்டு வார்த்திருக்கிறார்கள். தெற்கு வரிசையில் முதல், நான்காம், ஏழாம், பத்தாம் தூண்களுக்குள் ஒவ்வொரு குழாய்.

போன மாதம் ஒரு பேய் மழை. மாடியில் நூலகத்தின் பக்கக் கதவு இந்தக் கூரைமேல்தான் திறக்கிறது. அந்தக் கதவு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து கீழ் அலமாரிப் புத்தகங்கள் ஊறிப்போயின. மறுவாரமே கல்லூரிக் கமிட்டி கூடித் தீர்ப்பும் எழுதிவிட்டது. குற்றவாளி மரமாம், வெட்ட வேண்டுமாம்.

மரம் எது என்கிறாயா? நடைக்கூடத்துக்கு வடக்கே நிற்கும் குல்மொஹர். இங்கே ஃப்ளாம்பாயன் என்பார்கள். நம் ஊரில் மே மாதம் பூப்பது இங்கே டிசம்பரில் பூக்கும். மரம் ஒன்றும் செய்யவில்லை என்று சாதிக்க மாட்டேன். அதன் இலை உனக்குத் தெரியும், ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத குட்டிக் குட்டித் துணுக்குகள். மாவிலை மாதிரிப் பெரிய இலை என்றால் குழாய் வாயில் வைத்த ஜாலியில் தங்கும், கையால் அள்ளிப் போட்டுவிடலாம். இது ஜாலி ஓட்டைக்குள் நழுவிப் போய், குழாய் அடியில் வளையும் எல்போவில் படிகிறது. மேலிருந்து பார்த்தால் வாய் சுத்தமாகத்தான் தெரியும். கூட்டுகிறவர்களும் சுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவர்கள்மேல் தப்பில்லை.

முதலில் கண்டுபிடித்தவர் வாட்ச்மேன் பெரியவர். கிரியோல்தான் பேசுவார், கோயிலில் மட்டும் தமிழில் பாடுவார். என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஏழாம் தூணைக் காட்டினார். முழங்கால் உயரத்துக்குக் கீழே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக, ஓரத்தில் வெள்ளை உப்பு பூத்திருந்தது. அதற்கு மேலே தூண் காய்ந்து கிடக்கிறது. கூரை ஒழுகினால் ஈரம் மேலிருந்து கீழே இறங்கியிருக்கும். இப்படி அடியில் மட்டும் இருந்தால் குழாய்க்குள் தண்ணீர் நிற்கிறது, ஒரு மூட்டு வழியாகக் கசிகிறது என்று அர்த்தம். மேலே ஏறி நான்கு வாயிலும் ஆளுக்கொரு வாளி ஊற்றினோம். முதலும் கடைசியும் மடமடவென்று இழுத்தன. நடுவில் உள்ள இரண்டும் கழுத்துவரை நிறைந்து நின்றுவிட்டன. அடியை உடைத்துப் பார்த்தால், வடிகட்டியில் ஊறிய காப்பித்தூள் போல இறுகிப்போய் ஒரு முழத்துக்குக் கறுப்பாக வந்தது.

இதோடு முடித்திருந்தால் கமிட்டி ஜெயித்திருக்கும். ஆனால் இரண்டு குழாய் நன்றாகத்தானே இருந்தன, பிறகு ஏன் தண்ணீர் ஏறியது? கணக்குப் போட்டேன். கூரை 108 சதுர மீட்டர். மணிக்கு 150 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்கிற மழை என்று வைத்துக்கொள். நொடிக்கு நாலரை லிட்டர் தண்ணீர். நான்கு வாய்க்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு லிட்டர் சொச்சம், குழாய்க்கு அது தூசு. இரண்டே வாய் என்றாலும் சமாளித்திருக்கும். ஆனால் வாட்டம் அப்படி இல்லையப்பா. ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாகப் பாத்தி கட்டின மாதிரி வாட்டம் கொடுத்திருக்கிறார்கள். நடுப் பாத்தி நிறைந்து வழிந்தால்தான் ஓரத்துக்குப் போகும். ஓர வாய்களிலோ அன்றைக்கு இதழும் காய்ந்த காயும் ஜாலியை மூடிவிட்டன. பெரியவர் மழையில் நனைந்தபடி ஏறிக் காலால் தள்ளிவிட்ட பிறகுதான் இறங்கியதாம்.

நான்கும் அடைந்துவிட்டது என்று வை. அந்த மழைக்கு 40 நிமிஷத்தில் 10 சென்டிமீட்டர் தேங்கும். இப்போது கேள். கூரையைச் சுற்றிக் கட்டிய சிறு சுவரின் உயரம் 15 சென்டிமீட்டர். நூலகக் கதவின் நிலைப்படி கூரையிலிருந்து 10 சென்டிமீட்டர்! தண்ணீர் சுவரைத் தாண்டி வெளியே விழுவதற்கு முன்னாலேயே கதவைத் தாண்டி உள்ளே போய்விடும். இதை வரைந்தவன், பார்த்தவன், கையெழுத்திட்டவன் ஒருவன் கண்ணிலும் படவில்லை. 10 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் கூரைமேல் கிட்டத்தட்ட 11 டன். ஆள் நடமாட்டம் இல்லாத கூரைக்கு வழக்கமாகக் கணக்கில் சேர்க்கும் பாரத்தைத் தண்ணீரே தின்றுவிட்டது.

ஆக மரத்தை வெட்டினால் மட்டும் என்ன ஆகும்? ஒரு பிளாஸ்டிக் பை பறந்து வந்தால் போதும். மைனா கூடு, பையன்கள் அடித்த பந்து, ஏதாவது ஒன்று. வாய் அடைந்தாலும் தண்ணீருக்கு வேறு வழி இருக்க வேண்டும். அது இந்தக் கூரையில் கிடையவே கிடையாது.

நான் சொல்வது இதுதான். தெற்குச் சிறு சுவரில் ஆறு இடத்தில் 20 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தூம்பு வெட்டுவோம். அதன் அடி கூரையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். நாலு குழாயும் செத்துப்போய் நாலரை லிட்டரும் தூம்பு வழியாகவே போனாலும், மொத்தம் 1.2 மீட்டர் அகலத்தில் தண்ணீர் இரண்டு சென்டிமீட்டர்கூட ஏறாது. 7 சென்டிமீட்டருக்குள் நிற்கும், நிலைப்படிக்கு மூன்று மிச்சம். தூம்பில் தண்ணீர் புல்வெளியில் கொட்டுவதைப் பார்த்தாலே குழாய் அடைத்திருக்கிறது என்று பெரியவருக்குத் தெரிந்துவிடும். அவரை இன்னொரு தடவை மழையில் ஏணி ஏற விட மாட்டேன்.

இரண்டாவது, தூணுக்குள் இருக்கும் குழாய்களுக்கு விடுதலை. காரை ஊற்றி அடைத்துவிட்டு, அதே தூண்களின் தெற்கு முகத்தில் வெளியே புதுக்குழாய், அடியில் கழற்றும் மூடி. தூண் 30 க்கு 30 சென்டிமீட்டர், உள்ளே 110 மில்லிமீட்டர் குழாய். தூணின் பரப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் ஓட்டை! அமெரிக்கக் காங்கிரீட் விதியில் 4 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நம்மோடு படித்த தொப்பை அதை வைவாவில் கோட்டைவிட்டதும் ஞாபகம் இருக்கும். இந்தத் தூண் தாங்குவது லேசான கூரையைத்தான், அதனால் நாளைக்கே விழாது. எனக்குப் பயம் கம்பி. கசிகிற மூட்டுக்குப் பக்கத்தில் கம்பி துருப்பிடித்து ஊதினால் தூண் மூலை தெறிக்கும்.

குழாய் வெளியே தெரிந்தால் தூண் வரிசையின் அழகு கெட்டுவிடும் என்கிறது கமிட்டி. மூன்று தூணுக்கு ஒரு குழாய் ஒரே சீராகத்தானே வரும், அதே நிறத்தில் பெயிண்ட் அடித்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். முகத்தைச் சுளித்தார்கள்.

இன்னொன்றைக் கேட்டால் நீ சிரிப்பாய். மரம் போனால் அதன் நிழலுக்குப் பதில் வடக்குத் தூண்களுக்கு நடுவே உலோகத் தகடு மாட்டுவார்களாம். அதில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இலை வடிவத்தில் ஓட்டைகள். படத்தில் தரை முழுக்க இலை இலையாக வெளிச்சம் போட்டுக் காட்டினார்கள். நடக்காத காரியம். சூரியன் ஒரு புள்ளி இல்லையே, அரை டிகிரி அகலமுள்ள வட்டம். சின்ன ஓட்டை எந்த வடிவத்தில் இருந்தாலும் தரையில் விழுவது சூரியனுடைய உருவம்தான், தூரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அகலத்துக்கு. 3 மீட்டருக்கு அப்பால் 3 சென்டிமீட்டர் வட்டம், ஓரம் மங்கலாக. இலையும் தெரியாது, கொடியும் தெரியாது. இலை வடிவம் விழ வேண்டுமென்றால் ஓட்டை அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும், அப்புறம் நிழல் எங்கே?

மரத்திலும் அதே கதைதான். பத்து மீட்டர் தள்ளி உள்ள இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் ஒரு வட்டத்தை அனுப்புகிறது. வெயில் சாய்வாக வருவதால் தரையில் முட்டை வடிவில் நீள்கிறது, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது, காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து ஆடுகிறது. இங்கே ஜூனில் நண்பகல் சூரியன் வடக்கே 46 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கூரை விளிம்பு 2.8 மீட்டர் உயரம், அதனால் வெயில் 2.7 மீட்டர் உள்ளே வந்துவிடும், நடக்கிற அகலம் கிட்டத்தட்ட முழுவதும். அந்த மாதங்களில் மரம்தான் கூரையின் வேலையைப் பாதி செய்கிறது. டிசம்பரில் சூரியன் உச்சிக்கு மேல் வந்துவிடும், அப்போது கூரையே போதும். இதைச் சொன்னதும் கமிட்டியில் ஒரு அம்மா மட்டும் தலையாட்டினார், இயற்பியல் பாடம் எடுப்பவர். மற்றவர்கள் தகடு ஆர்டர் கொடுக்கும் அவசரத்தில் இருக்கிறார்கள்.

கோபத்தில் நிறைய எழுதிவிட்டேன். பிள்ளைகள் பத்துப் பேர் அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதைத் தினமும் பார்க்கிறேன், அதனால்தான்.

எனக்கு உன்னிடம் வேண்டியது ஒன்று. பழைய கூரையின் சிறு சுவரில் தூம்பு வெட்டும்போது, வெட்டின இடத்தில் நீர்த்தடுப்புப் பூச்சைச் சுற்றி மடக்கி இறக்குவீர்களே, அந்த விவரத்தைக் கையால் வரைந்தாவது படம் எடுத்து அனுப்பு. மூலையில்தான் கிழிகிறது என்று நீ ஒருமுறை புலம்பியது நினைவிருக்கிறது, எப்படிச் சரிசெய்தாய் என்றும் எழுது. அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசியில், அதற்கு முன்னால் வந்தால் நல்லது. பேத்திக்கு என் முத்தம். தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல்.

உன்,
குருசாமி