பம்பின் தகட்டில் 120, தொட்டியில் 72: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

பட்டர்வொர்த், பினாங்கு

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் வால்வு மாற்றுவதற்காக நாள்கணக்கில் தண்ணீரை நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு எங்கள் கடையில் கீழ்த்தொட்டிக்கும் பம்புக்கும் கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். கூடவே ஒரு புகாரும் கூடிவிட்டது: "அண்ணே, பெட்டியில போட்டிருக்கிற தண்ணி வரமாட்டேங்குது." பம்பைக் கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்துவிடுகிறார்கள். பத்தில் எட்டுப் பம்பில் ஒரு கோளாறும் இருப்பதில்லை. இதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இந்த மடல்.

ஆயர் ஈத்தாமில் மாணவர் விடுதி நடத்தும் ஒருவருடைய கதையையே சொல்கிறேன். பெயரைப் போடவேண்டாம் என்றார், கணக்கைப் போடலாம் என்றார். கீழே ஒரு தொட்டி, கூரையில் 400 கேலன் தொட்டி, அதாவது ஏறத்தாழ 1,818 லிட்டர். எங்களிடம் 1 குதிரைத்திறன் பம்பு வாங்கினார். அதன் தகட்டில் இப்படி இருக்கும்:

```
Q 20–120 l/min   H 33.5–11 m
```

அவர் இதைப் படித்தது இப்படி: நிமிடத்துக்கு 120 லிட்டர், 33 மீட்டர் உயரம் வரை. என் கட்டடம் 15 மீட்டர்தானே, ஆகவே 15 நிமிடத்தில் தொட்டி நிறையும். நிறைய எடுத்ததோ 25 நிமிடம்.

தகடு பொய் சொல்லவில்லை. அதில் இருப்பது இரண்டு முனைகள். 20 லிட்டர் மட்டும் போனால் 33.5 மீட்டர் உயர்த்தும். 120 லிட்டர் போகவேண்டுமென்றால் 11 மீட்டர்தான் உயர்த்தும். முதல் எண் முதல் எண்ணுக்கு, கடைசி எண் கடைசி எண்ணுக்கு. இரண்டு பெரிய எண்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் அப்படி ஒரு பம்பு உலகத்திலேயே இல்லை.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே வளைந்து இறங்கும் கோடுதான் கேட்டலாக்கில் உள்ள பம்பு கர்வ். கிடைமட்டத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், செங்குத்தில் எத்தனை மீட்டர். தண்ணீர் கூடக் கூட உயர்த்தும் வலு குறையும். ஆனால் இந்தக் கோடு பம்பு என்னவெல்லாம் செய்யக்கூடும் என்றுதான் சொல்கிறது. உங்கள் வீட்டில் அந்தக் கோட்டின்மேல் எந்த இடத்தில் நிற்கும் என்பதைப் பம்பு தீர்மானிப்பதில்லை. உங்கள் குழாய்தான் தீர்மானிக்கிறது. அந்தக் குழாய்க்கும் ஒரு கோடு உண்டு. புத்தகத்தில் சிஸ்டம் கர்வ் என்பார்கள், கடையில் நாங்கள் குழாய்க் கோடு என்போம்.

குழாய்க் கோட்டில் இரண்டு பங்கு. ஒன்று வெறும் உயரம்: கீழ்த்தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து மேலே தண்ணீர் கொட்டும் குழாய்வாய் வரை. தரையிலிருந்து அல்ல, பம்பிலிருந்தும் அல்ல, நீர்மட்டத்திலிருந்து. விடுதியில் அது 15 மீட்டர். ஒரு சொட்டுகூட ஓடாவிட்டாலும் இந்த 15 மீட்டர் இருந்தே தீரும். அதனால் குழாய்க் கோடு சைபரில் தொடங்காது, 15-இல் தொடங்கும்.

மற்றது உராய்வு. விடுதியில் போட்டிருந்தது 1 அங்குலப் பிளாஸ்டிக் குழாய், உள்வாய் 27 மில்லிமீட்டர், நீளம் 40 மீட்டர். வழியில் உள்ள எல்போக்கள், நான்-ரிட்டர்ன் வால்வு, கேட் வால்வு எல்லாம் சேர்ந்து இன்னொரு 12 மீட்டர் குழாய்க்குச் சமம். ஆக 52 மீட்டர். இந்தக் குழாயில் நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடினால் 100 மீட்டருக்குச் சுமார் 14 மீட்டர் உராய்வில் போய்விடும். 52 மீட்டருக்கு 7.2 மீட்டர். இந்த ஓர் எண் கிடைத்தால் மற்றவற்றைக் கையாலேயே போட்டுவிடலாம், ஏனென்றால் ஓட்டம் இரட்டித்தால் உராய்வு நான்கு மடங்காகும். (கறாராகப் பார்த்தால் நான்குக்குச் சற்றுக் கீழே. தொட்டி நிரப்பும் கணக்குக்கு அது பெரிதல்ல.)

கேட்டலாக்கில் பார்த்த பம்பின் எண்களையும் குழாயின் எண்களையும் அவர் எதிரிலேயே ஒரு ரசீதின் பின்பக்கத்தில் எழுதினேன்:

| லிட்டர்/நிமிடம் | பம்பு தருவது (மீ) | குழாய் கேட்பது (மீ) |
|---|---|---|
| 20 | 33.5 | 15.8 |
| 40 | 31.4 | 18.2 |
| 60 | 28.2 | 22.2 |
| 80 | 23.8 | 27.8 |
| 100 | 18.0 | 35.0 |

60 லிட்டரில் பாருங்கள். குழாய் கேட்பது 22.2, பம்பு தருவது 28.2. ஆறு மீட்டர் மிச்சம். அந்த மிச்சம் சும்மா இருக்காது, தண்ணீரை இன்னும் வேகமாகத் தள்ளும். 80 லிட்டரில் கதை தலைகீழ்: நான்கு மீட்டர் பற்றாக்குறை. அந்த வேகத்தில் பம்பால் தாக்குப்பிடிக்க முடியாது, ஓட்டம் தானாகத் தணியும். இரண்டு பக்கமும் இழுபட்டு, கொடுப்பதும் கேட்பதும் சமமாகும் இடத்தில் வந்து நிற்கும். ஆறு மிச்சத்திலிருந்து நான்கு பற்றாக்குறைக்குப் போகும் வழியில், பத்தில் ஆறு பங்கு தாண்டினால் சைபர். 60-இலிருந்து 80-க்கு உள்ள 20 லிட்டரில் ஆறு பங்கு 12. ஆக 72 லிட்டர். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் அதுதான். 1,818-ஐ 72-ஆல் வகுத்தால் 25 நிமிடம் சொச்சம். அவர் கைப்பேசியில் நேரம் பிடித்ததும் அதுவேதான்.

"சரி, ஒன்றரைக் குதிரைத்திறன் பம்பு குடுங்க" என்றார் உடனே. விற்றிருந்தால் எனக்கு லாபம். ஆனால் அதே தாளில் போட்டுப் பார்த்தோம். அந்தப் பம்பின் கோடு முழுக்க ஆறு மீட்டர் மேலே இருக்கும், அவ்வளவே. குழாய்க் கோடோ 70-ஐத் தாண்டியதும் செங்குத்தாக ஏறுகிறது. வெட்டும் இடம் 83 லிட்டருக்குத்தான் நகர்ந்தது. மூன்று நிமிடம் மிச்சப்படுத்த ஒரு புதுப் பம்பு. இதே பம்பில் இன்னொன்றைப் பக்கத்தில் இணையாக வைத்தால் இரட்டிப்பாகுமே என்று சிலர் நினைப்பார்கள். அதே ஒற்றைக் குழாயில் இரண்டும் சேர்ந்து தருவது 89 லிட்டர்.

குழாயை 1¼ அங்குலமாக்கினால்? உள்வாய் 35 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர்தான் கூடுகிறது, உராய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுகிறது. குழாய்க் கோடு படுத்துவிடும், பழைய பம்பே 94 லிட்டர் தரும். அவர் அப்போது சுவருக்கு வெள்ளையடிக்கப் போவதாக இருந்தார். அதோடு சேர்த்துக் குழாயையும் மாற்றிவிட்டார். இப்போது தொட்டி 20 நிமிடத்தில் நிறைகிறது.

குழாயை மாற்றிய அன்று மோட்டாரின் ஆம்பியரையும் பார்த்தேன். 4.7 இருந்தது 5.1 ஆகியிருந்தது. இந்த வகைப் பம்பில் தண்ணீர் கூடினால் மின்சாரமும் கூடத்தான் இழுக்கும். தகட்டில் 5.6 என்றிருந்ததால் விட்டுவிட்டேன். பிறையில் ஒரு பட்டறைக்காரர் இதே பம்பை, வெறும் 2 மீட்டர் ஏற்றி வாய்க்காலில் விட, 2 அங்குலக் குழாயோடு மாட்டியிருந்தார். உயரமும் இல்லை, உராய்வும் இல்லை, குழாய்க் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அது பம்பு கோட்டைச் சந்திக்கும் இடம் 120-ஐத் தாண்டி, தகட்டுக்கு வெளியே. பம்புக்குள் கூழாங்கல் உருளுவதுபோல் சத்தம், மோட்டார் சூடேறிக் கட்டாகிவிடும். பம்பு சின்னதாகப் போச்சு என்றார் அவர். நிஜத்தில் பம்புக்கு எதிர்ப்பே போதவில்லை. வெளியேறும் பக்கத்து வால்வைப் பாதி மூடச் சொன்னோம், சத்தம் நின்றது. உறிஞ்சும் பக்கத்து வால்வை மட்டும் எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். அது இந்தச் சத்தத்தை இன்னும் மோசமாக்கும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பம்பில் தண்ணீர் குறைந்தால் குற்றம் பம்பிலா குழாயிலா என்று கண்டுபிடிக்க, வெளியேறும் வாயில் ஒரு பிரஷர் கேஜ் போதும். 1 பார் என்பது 10.2 மீட்டர். விடுதியில் கீழ்த்தொட்டி நீர்மட்டம் கேஜுக்கு 1 மீட்டர் மேலே இருந்தது. அது தானாகக் கிடைக்கும் உயரம், கேஜ் காட்டுவதில் அதைக் கழிக்கவேண்டும். பழைய குழாயில் ஓடும்போது 2.6 பார் காட்டியது: 26.5, ஒன்றைக் கழித்தால் 25.5 மீட்டர். அட்டவணையில் வெட்டிய இடத்துக்குச் சரியாக வருகிறது.

அதே இடத்தில் ஒருநாள் கேஜ் 3 பார் காட்டி, தொட்டி நிறைய 35 நிமிடம் ஆனால்? 29.6 மீட்டர். பம்பு நிற்கும் இடம் இடப்பக்கம் 50 லிட்டரை ஒட்டி நகர்ந்திருக்கிறது. பம்பு தன் கோட்டில்தான் நிற்கிறது, குழாயில்தான் அடைப்பு: பாதி திறந்த வால்வு, சிக்கிக்கொண்ட நான்-ரிட்டர்ன் வால்வு, மேலே மிதவை வால்வில் கசடு. கேஜும் இறங்கி, தண்ணீரும் குறைந்தால் பம்பைச் சந்தேகப்படுங்கள். உறுதிசெய்ய, வெளியேறும் வால்வைச் சில விநாடிகள் மட்டும் முழுக்க மூடிப் பாருங்கள். நல்ல நிலையில் இந்தப் பம்பு 3.4 பார் காட்டவேண்டும். 2.8-தான் வருகிறதென்றால் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அல்லது உறிஞ்சும் பக்கத்தில் காற்றுப் புகுந்திருக்கலாம். அப்போது கழற்றிக்கொண்டு வாருங்கள், பார்த்துவிடுவோம். வால்வை மூடியபடியே நிமிடக்கணக்கில் ஓட்டாதீர்கள், உள்ளே இருக்கும் தண்ணீர் சூடேறிச் சீலைக் கெடுத்துவிடும்.

அடுத்த முறை பம்பு வாங்க வரும்போது கட்டடம் எத்தனை மாடி என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கீழ்த்தொட்டி நீர்மட்டத்திலிருந்து குழாய்வாய் வரை எத்தனை மீட்டர், குழாயின் உள்வாய், மொத்த நீளம், எத்தனை எல்போ, எத்தனை வால்வு என்று எழுதிக்கொண்டு வாருங்கள். கீழ்த்தொட்டி பாதிக்குமேல் காலியாகும் வழக்கம் உண்டென்றால் தாழ்ந்த நீர்மட்டத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள், மட்டம் 1 மீட்டர் இறங்கினால் விடுதிக் கணக்கில் ஒன்றிரண்டு லிட்டர் குறைகிறது. ரசீதின் பின்பக்கம் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது, இரண்டு கோட்டையும் சேர்ந்தே போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.

அன்புடன்,
பம்புக் கடையிலிருந்து