குரூப்பில் யாரும் மறுக்கவில்லை

அன்புள்ள செந்தில்,

இங்கே எல்லோரும் நலம். மழை விட்டதும் அம்மா மறுபடி பெசன்ட் நகர் பீச்சில் நடக்க ஆரம்பித்துவிட்டார். உன் புது வீட்டுப் படங்களைப் பார்த்தேன், சமையலறை ஜன்னல் பிரமாதம்.

நம் காலேஜ் குரூப்பில் நடந்த கூத்தை நீ பார்த்திருக்க மாட்டாய், மியூட்டில்தானே போட்டு வைத்திருப்பாய்! புதன் இரவு 11 மணிக்கு பாஸ்கர், "ஞாயிறு மகாபலிபுரம் போகலாம், ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க" என்று போட்டான். ஒரு கட்டைவிரல் விழுந்தது. அப்புறம் இரண்டு குட்மார்னிங் படங்கள், ஒரு கிரிக்கெட் வீடியோ. செய்தி மேலே போய்விட்டது. வியாழன் மதியம் 14 சீட் வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். ஞாயிறு காலை திருவான்மியூரில் ஏறியது ஐந்து பேர்.

"யாருமே வேண்டாம்னு சொல்லலையே" என்று வழியெல்லாம் புலம்பினான். அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்க்கச் சொன்னேன். பாதிப் பேர் திறக்கவே இல்லை. குரூப்பில் எல்லோரும் படித்தால்தான் டிக் நீலமாகும். அவனுடையது அன்றுவரை சாம்பல் நிறம்தான். படித்தவர்களும் ஒரே காரணத்துக்காகப் பேசாமல் இருக்கவில்லை. ஒருவன் வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்ல நினைத்து மறந்துவிட்டான். இன்னொருவனுக்கு இந்த மாதம் கையில் காசு இல்லை. அதை அத்தனை பேர் முன்னால் எப்படி எழுதுவான்? மற்றவர்கள் எல்லோரும் சரி என்கிறார்கள் போல என்று நினைத்துச் சும்மா இருந்தவர்களும் உண்டு. அந்த "எல்லோரும்" அவர்களைப் போலவே சும்மா இருந்தவர்கள்தான்.

மௌனத்தைச் சம்மதமாக எடுக்கும் வழக்கம் எங்கள் துறையிலும் உண்டு. அப்பாச்சி மென்பொருள் திட்டங்களில் அதற்கு லேஸி கன்சென்சஸ் என்று பெயர். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பொதுவாக 72 மணி நேரம் காத்திருப்பார்கள், யாரும் மறுக்காவிட்டால் மேலே போவார்கள். மௌனத்துக்கு அதுதான் பொருள் என்று அங்கே எல்லோருக்கும் முன்பே தெரியும். தப்பாகிப் போனாலும் மென்பொருளில் செய்த மாற்றத்தைத் திருப்பி எடுத்துவிடலாம். வேன்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தருவாரா?

அதனால் கேள்வியைத் திருப்பிப் போடச் சொன்னேன். "வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் எந்த ஸ்டாப்பில் ஏறுவீர்கள் என்று சொல்லுங்கள், சொல்லாதவர்களுக்கு சீட் இல்லை." ஸ்டாப்பைச் சொல்ல ஒருவன் கொஞ்சமாவது யோசித்தாக வேண்டும், கட்டைவிரல் போதாது. காசு விஷயத்தில் தயங்குபவனுக்குத் தனியாக ஒரு போன். பாஸ்கருக்கு இது ரொம்பக் கறார் என்று படுகிறது. பள்ளி அட்டெண்டன்ஸ் மாதிரி இருக்கிறதாம். இருக்கட்டுமே.

பொங்கல் லீவில் பழவேற்காடு போகத் திட்டம். நீ அப்போது சென்னையில் இருப்பாயா, அடையாறில் ஏறுவாயா சென்ட்ரலிலா? குரூப்பில் வேண்டாம், எனக்கே எழுது.

அன்புடன்,
ரவி