சென்ற முறை 62, இந்த முறை 57 ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லேப் டெக்னீஷியன் சான்றிதழ்த் தேர்வில் சென்ற முறை 62 ஆக இருந்த தேர்ச்சி மதிப்பெண்ணை 57 ஆக்கி, தரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்று அரூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த மதிப்பெண்ணைப் பரிந்துரைத்த எட்டுப் பேர் குழுவில் நானும் இருந்தேன். 57 என்று யாரும் முன்கூட்டி முடிவு செய்யவில்லை. இந்த முறை வினாத்தாள் கடினம், அதனால் எண் இறங்கியது.

நாங்கள் பின்பற்றியது, அமெரிக்கத் தேர்வு ஆய்வாளர் வில்லியம் ஆங்காஃப் 1971இல் எழுதி வைத்த முறை. முதலில் 'மயிரிழையில் தேறக்கூடியவர்' யார் என்று பேசி முடிவு செய்வோம். இரவுப் பணியில் தனியாக விட்டால் சமாளிப்பார், ஆனால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, அப்படிப்பட்டவர். அப்புறம் ஒவ்வொரு வினாவுக்கும், அத்தகைய 100 பேரில் எத்தனை பேர் சரியாக விடையளிப்பார்கள் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுவோம்.

தேர்வு வினாவை வெளியே சொல்லக் கூடாது. அதே மாதிரி ஒன்றைச் சொல்கிறேன். பென்னாகரத்திலிருந்து வந்த ரத்த மாதிரியில் பொட்டாசியம் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு, நோயாளியோ நன்றாக இருக்கிறார். காரணம் என்ன? ரத்தம் உறையாமல் தடுக்க ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இடிடிஏ மருந்து மாதிரியில் கலந்துவிட்டது. அது பொட்டாசிய உப்பு, கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். தேர்வில் இருந்த இதே போன்ற வினாவுக்கு ஏழு பேர் 30 முதல் 50 வரை எழுதினோம். ஒருவர் மட்டும் 85. அவர் கல்லூரியில் இதையே ஆண்டுதோறும் நடத்துபவர். அவர் மனதில் இருந்தது அவருடைய நல்ல மாணவர். சராசரி 46. பேசிய பிறகு அவர் 50 ஆக மாற்றினார், சராசரி 42 ஆனது. அதாவது, தேர்ச்சி மதிப்பெண்ணில் இந்த ஒரு வினாவின் பங்கு 0.42. இப்படி 100 வினாக்களையும் கூட்டினால் வருவதுதான் தேர்ச்சி மதிப்பெண். இத்தகைய வினாக்கள் கூடினால் கூட்டுத்தொகை தானாகக் குறையும்.

ஆனால் இந்த முறையிலும் ஓட்டைகள் உண்டு. கடினமான வினாவை எளிது என்று மதிப்பிடும் பழக்கம் அனுபவசாலிகளுக்கே அதிகம். நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டாலே நூற்றுக்கு 25 பேருக்குச் சரியாக வரும். அதை மறந்து 10 என்று எழுதுபவரும் உண்டு. இரண்டாம் சுற்றில், தேர்வர்கள் உண்மையில் எப்படி எழுதினார்கள் என்ற கணக்கைக் காட்டுவார்கள். அது நன்றாகப் படித்தவர், படிக்காதவர் எல்லோரையும் சேர்த்த கணக்கு. அதை அப்படியே பார்த்து எழுதினால் எங்கள் தீர்ப்பு என்று எதுவும் மிஞ்சாது.

ஆகவே அரூர் நண்பரின் சந்தேகம் தவறு என்றாலும், கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. முடிவுகளோடு குழுவில் எத்தனை பேர், எந்தெந்தப் பணியில் இருப்பவர்கள், அவர்களுடைய கூட்டுத்தொகைகள் எதிலிருந்து எதுவரை இருந்தன, மயிரிழையில் தேறுபவர் என்று யாரை வரையறுத்தார்கள் என்பதைத் தேர்வு நடத்துபவர்கள் ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும். பெயர்கள் தேவையில்லை.

- மூத்த ஆய்வக நுட்புநர், தர்மபுரி