ரத்தம் கேட்டுச் செய்தி அனுப்பும் குழுக்களுக்கு ஒரு மடல்

ரத்த தான வாட்ஸ்அப் குழுக்களை நடத்தும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் குழுக்களில் வரும் செய்திகளைப் பார்த்துக் கிளம்பிப் போகிறவர்களில் நானும் ஒருவன். வழக்கமாக வரும் செய்தி இப்படி இருக்கும்:

"அவசரம்!! பி - 2 யூனிட் ரத்தம் தேவை. நாளை காலை ஆபரேஷன். அதிகம் பகிரவும்."

இதில் "நாளை" என்பது எந்த நாள்? ஒரு வாரம் கழித்து வேறு குழுவில் பார்ப்பவருக்கும் அது நாளைதான். தேவை தீர்ந்தபின் உங்கள் குழுவில் செய்தியை அழித்தாலும், பிறர் பகிர்ந்த பிரதிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். எனவே முதலில் தேடவேண்டியது தேதி, கிழமையோடு.

அடுத்தது அந்தச் சின்னக் கோடு. எழுதியவருக்கு அது வெறும் இடைக்கோடு, படிப்பவருக்கு பி நெகட்டிவ். அரிய வகை என்று ஊரெல்லாம் தேடுவார்கள், பி பாசிட்டிவ்காரர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். குறி வேண்டாம், பாசிட்டிவா நெகட்டிவா என்று எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பலர் தவறவிடுவது நேரம். கொடுத்த ரத்தம் அப்படியே அறுவை அரங்குக்குப் போவதில்லை. எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், பால்வினை நோய், மலேரியா எல்லாம் சோதித்த பிறகுதான் வெளியே வரும். அதற்குச் சில மணி நேரமாவது ஆகும். ஆகவே ஆபரேஷன் நேரம் எங்களுக்கு உதவாது. கொடையாளர் எப்போதுக்குள் வரவேண்டும் என்று ரத்த வங்கியில் கேட்டு அதை எழுதவேண்டும். வங்கி மருத்துவமனைக்கு வெளியே இருந்தால் அந்த முகவரியும் வேண்டும்.

அப்புறம், முழு ரத்தமா, தட்டணுவா? டெங்கு காலத்தில் இதுதான் பெரிய குழப்பம். இயந்திரம் வழியாகத் தட்டணு மட்டும் எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அண்மையில் ஆஸ்பிரின் சாப்பிட்டவரை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தெரியாமல் வருபவர் பாதியில் திரும்புவார்.

தொடர்பு எண் நோயாளியின் அருகில் இருப்பவருடையதாக இருக்கட்டும். வெளியூரில் இருக்கும் மச்சானுக்கு எந்த வாசல் என்று தெரியாது. நோயாளியின் படமும் ரிப்போர்ட்டும் தேவையே இல்லை.

சரி, அதே செய்தி இப்படி வந்தால் போதும்:

"பி பாசிட்டிவ், முழு ரத்தம், 2 பேர். 14.3.2025 வெள்ளி ஆபரேஷன். கொடையாளர்கள் 13 வியாழன் மதியம் 2 மணிக்குள் வரவும். (மருத்துவமனை, ஊர், ரத்த வங்கி இருக்குமிடம், உடனிருப்பவர் எண்.) 13 இரவுக்குப் பின் பகிரவேண்டாம்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒருமுறை ரத்தம் கொடுத்த ஆண் மூன்று மாதமும் பெண் நான்கு மாதமும் காத்திருக்கவேண்டும். தீர்ந்துபோன தேவைக்கு வந்து கொடுத்துவிட்டால், அடுத்த வாரம் உண்மையான தேவை வரும்போது அவரைக் கூப்பிட முடியாது. இதில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அனுப்பியவருக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு, அதன் பிறகு குழுவில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் இருக்கும் ஓர் ஓ பாசிட்டிவ்காரன்