கமரா எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?

கொழும்பில் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் படம்பிடித்துத் தரும் உரையாடல் காட்சிகளை வெட்டி ஒட்டுபவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். காலிமுகத்திடலில் எடுக்கப்படும் காட்சிகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருகிறது.

நடைபாதையில் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். அவள் தெற்கே, அவன் வடக்கே. இருவரின் கண்களையும் இணைத்து ஒரு கற்பனைக் கோடு போடுங்கள். கமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில், இங்கே கடலுக்கு எதிரான கரைப்பக்கத்தில், அந்த 180 பாகைக்குள் நின்றால், அவள் திரையில் வலப்பக்கம் பார்ப்பாள், அவன் இடப்பக்கம் பார்ப்பான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்று பார்வையாளர் நம்புவது இதனால்தான்.

பிழை வருவது மாலை வெயிலால். சூரியன் கடற்பக்கம் இறங்குகிறது. கரைப்பக்கம் நின்று அவளை எடுத்தால் பின்னால் கடல் அழகாக விழும், முகம் இருண்டுவிடும். எனவே அவனை எடுக்கும்போது முகத்தில் வெயில் படட்டும் என்று கமராவைக் கடற்பக்கம் கொண்டுபோகிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் அவனும் வலப்பக்கமே பார்க்கிறான். தொகுப்பு மேசையில் இருவரும் கண்ணுக்குத் தெரியாத மூன்றாம் ஆளிடம் பேசுகிறார்கள். அவளுக்குப் பின்னால் கடல், அவனுக்குப் பின்னால் ஹோட்டல் கட்டடங்கள். படத்தை இடம் வலமாகப் புரட்டித் தப்பலாம் என்றால், பெயர்ப்பலகை எழுத்துகளும் சட்டைப் பையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கரைப்பக்கத்தை விட்டு நகராதீர்கள். அவன் தோளுக்குப் பின்னாலிருந்து தென்மேற்கு நோக்கி அவளை எடுங்கள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து வடமேற்கு நோக்கி அவனை எடுங்கள். இரண்டிலும் கடல் இருக்கும். முகத்துக்கு ஒரு பெரிய வெள்ளைப் பலகையைக் கமராவின் பக்கம் பிடித்தால், கடலிலிருந்து வரும் வெயில் அதில் பட்டுத் திரும்பும். கதைக்கு மாலை தேவையில்லை என்றால் காலையில் போங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்.

இருவரையும் எடுக்கும்போது லென்ஸ், தூரம், உயரம் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். ஒருவரை 50 மில்லிமீற்றரிலும் மற்றவரை 85 மில்லிமீற்றரிலும் ஒரே இடைவெளியில் எடுத்தால், ஒரு முகம் காரணமில்லாமல் பெரிதாகத் தெரியும். வேண்டுமென்றே செய்தால் அது வேறு விடயம். ஒவ்வொருவரையும் எடுக்கும்போது உரையாடலை முதலிலிருந்து கடைசிவரை முழுதாக எடுங்கள். அவள் பேசும்போது மௌனமாகக் கேட்கும் அவன் முகமே பல நேரம் எனக்குத் தேவைப்படுகிறது, அதைத்தான் நீங்கள் தருவதில்லை. சட்டகத்துக்கு வெளியே இருக்கும் நடிகரும் தன் கதிரையிலேயே இருந்து வசனத்தைச் சொல்லட்டும். உதவி இயக்குநர் வேறெங்கோ நின்று வாசித்தால் பார்வை தவறிவிடும்.

கடற்பக்கம் போயே ஆகவேண்டுமா? வெட்டில் தாவாதீர்கள். அவன் எழுந்து மேசையைச் சுற்றிக் கரைப்பக்கம் வரட்டும். கமரா அதே ஷாட்டில், வெட்டாமல், எதிர்த்திசையில் நகர்ந்து கடற்பக்கம் போகட்டும். பக்கம் மாறியதைப் பார்வையாளர் கண்ணாலேயே கண்டுவிடுவார். அங்கிருந்து புதிய கோடு தொடங்கும்.

அன்புடன்,
ஒரு படத்தொகுப்பாளர்