எதை எழுதி வைப்பது, எதை விட்டுவிடுவது

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. பதவி உயர்வுக்கு வாழ்த்து, ஆனால் வந்ததும் வராததுமாக இரண்டு பிரிவுகளை இணைக்கிற செய்தியைச் சொல்லும் வேலையை உன் தலையில் கட்டிவிட்டார்களே! பத்து நிமிடப் பேச்சை முழுதாக எழுதிக்கொள்வதா, குறிப்புகள் போதுமா என்று கேட்டிருந்தாய். மொத்தமாக முடிவெடுக்காதே, பகுதி பகுதியாகப் பார்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: இது வாயில் வேறு சொற்களில் வந்தால் என்ன கெடும்? உன் பேச்சில் கெடக்கூடிய இடம் வேலை பற்றிய வரி. "யாரையும் நீக்குவதாக இதுவரை முடிவு எடுக்கப்படவில்லை" என்பதுதான் நிர்வாகம் உன்னிடம் சொன்னது. குறிப்பில் "வேலை, பயம் வேண்டாம்" என்று மட்டும் இருந்தால், எதிரே கவலையோடு உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்த்ததும் "யாருக்கும் வேலை போகாது" என்று சொல்லிவிடுவாய், அப்புறம் அது நீ கொடுத்த வாக்குறுதி ஆகிவிடும். அதனால் அந்த வரியையும் அதற்கு முன்னும் பின்னும் வருவதையும் அட்சரம் பிசகாமல் எழுதி வை. தேதிகள், பெயர்கள், பேச்சின் முதல் வரி, கடைசி வரி இவையும் அப்படியே.

இணைப்பு ஏன் என்ற விளக்கத்துக்குக் குறிப்பு போதும், உனக்கு அது தண்ணீர் பட்ட பாடு, எழுதினால் சுற்றறிக்கை மாதிரி ஒலிக்கும். ஆனால் "காரணம்" என்று ஒற்றைச் சொல்லாக எழுதாதே, மேடையில் அதைப் பார்த்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. "ஒரே கோப்பு இரண்டு பிரிவுக்கும் போய் வருகிறது" என்று, சொல்ல வேண்டியதையே சின்னதாக எழுது. 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் கையிலிருந்த உரையை விட்டுவிட்டுத்தானே கனவைப் பற்றிப் பேசினார் என்பாய். சரிதான், ஆனால் அந்தக் கனவை அவர் அதற்கு இரண்டு மாதம் முன்பே டெட்ராய்ட்டில் பேசியிருந்தார். ஏற்கெனவே வாயில் பழகியதைத்தான் தாளில்லாமல் விடலாம்.

பழைய அனுபவம் ஒன்றைச் சொல்லப் போவதாக எழுதியிருந்தாயே, அதைக் குறிப்பாகவே வைத்துக்கொள், ஆனால் அது முடியும் வரியை மட்டும் எழுதிவிடு. இல்லாவிட்டால் உனக்கு நிறுத்தத் தெரியாது (கோபித்துக்கொள்ளாதே, உன்னை எனக்குத் தெரியும்). நேரம் ஓடுவதும் இந்த மாதிரி இடங்களில்தான். எழுதிய பகுதி எப்போது படித்தாலும் ஏறக்குறைய அதே நேரம்தான் எடுக்கும், குறிப்பு வீங்கிக்கொண்டே போகும். அதனால் நேரம் போதாவிட்டால் எந்தக் குறிப்பை விட்டுவிடலாம் என்று இப்போதே ஓரத்தில் அடையாளம் போட்டு வை.

பிறகு போனில் பதிவு செய்து கேள். படிக்கும் இடத்தில் குரல் தட்டையானால் அந்த வரி பேச்சு நடையில் இல்லை என்று அர்த்தம், உடைத்து எழுது. குறிப்பை வைத்துப் பேசும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் திணறினால் அதையும் எழுதிவிடு.

கேள்வி நேரத்தில் வேலை பற்றி மறுபடி மறுபடி கேட்பார்கள். அப்போதும் அதே வரியையே சொல், கொஞ்சம் மாற்றிச் சொன்னாலும் ஏதோ மறைக்கிறாய் என்று நினைப்பார்கள்.

அன்புடன்,
சேகர்