வாய்வு என்று விட்டுவிடுகிற வலி

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் மருத்துவப் பக்கத்தில் வாய்வுத் தொல்லை பற்றி எழுதியிருந்தீர்கள். கொழுப்பாகச் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வருகிற வலியையும் அதிலேயே இரண்டு வரியில் சேர்த்து முடித்துவிட்டீர்கள். அந்த வலியை என் அக்கா ஒன்றரை வருடம் வாய்வு என்றே நம்பியிருந்தார், கடைசியில் பார்த்தால் அது பித்தப்பைக் கல், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை ஆரையம்பதியில் ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டில் நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் அதுக்கு மேல் எருமைத்தயிரும் சாப்பிட்டுவிட்டு வந்தோம். சாப்பிட்டது எட்டரைக்கு, வலி தொடங்கினது பதினொரு மணிக்கு. அரை மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்படியே நின்றது. வயிற்றோட்ட வலி மாதிரி வந்து வந்து போகவில்லை, யாரோ உள்ளே முட்டியை வைத்து அழுத்திப் பிடித்திருக்கிற மாதிரி ஒரே சீராக இருந்தது. வலது பக்கத் தோள்பட்டை எலும்புக்குக் கீழேயும் குத்தினது. படுத்துப் பார்த்தார், எழும்பி முற்றத்தில் நடந்தார், இஞ்சிப் பிளேன்டீ, ஓமத்தண்ணி, கேஸ்ட்ரிக் மருந்து எல்லாம் குடித்தார். ஏப்பம் வந்தது, வாந்தியும் ஒருக்கா வந்தது, ஆனால் வலி அசையவில்லை. இரண்டரை மணிக்கு, எந்தக் காரணமும் இல்லாமல், தானாகவே விட்டுவிட்டது. விடிய எழும்பி அக்கா முற்றம் கூட்டினார்.

அந்த 'விடிய எழும்பி முற்றம் கூட்டினார்' என்பதுதான் எங்களை ஏமாற்றினது. நல்லாகிவிட்ட மனுசியை யார் டொக்டரிடம் கூட்டிப்போவார்கள்? அப்புறம் மூன்று கிழமைக்கு ஒருக்கா, இரண்டு மாதத்துக்கு ஒருக்கா என்று வந்தது, எல்லாம் இரவில்தான். ஒரு தனியார் கிளினிக்கில் ஈசிஜி எடுத்தார்கள், எண்டோஸ்கொபியும் செய்தார்கள், இரண்டிலும் ஒன்றுமில்லை. எண்டோஸ்கொபி இரைப்பையையும் அதை ஒட்டின குடலையும்தான் பார்க்கும், பித்தப்பைக் கல் அதில் தெரியாது, ஆனால் அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எட்டு மாதம் கேஸ்ட்ரிக் குளிசைதான்.

கடைசியில் ஒரு இளம் டொக்டர் வேறு எதையும் கேட்கவில்லை: எத்தனை மணிக்குத் தொடங்கினது, எத்தனை மணிக்கு விட்டது, அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள்? பதிலைக் கேட்டதும் வயிற்று ஸ்கேனுக்கு எழுதித் தந்தார். முதல் நாள் அக்கா காலையில் பால்தேத்தண்ணி குடித்துவிட்டுப் போக, திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது, ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாமல் வெறும் வயிறு வேண்டும் என்றார்கள். மறுநாள் ஸ்கேன் செய்தவர் அக்காவை இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்ல, திரையில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் உருண்டதை நானே பார்த்தேன், பெரியது 11 மில்லிமீற்றர். எக்ஸ்ரேயில் பித்தப்பைக் கல் பெரும்பாலும் தெரியாது என்றும் அவர்தான் சொன்னார்.

டொக்டர் விளக்கினது இதுதான். கொழுப்பு சிறுகுடலுக்கு வந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளும், அந்த நேரம் ஒரு கல் வந்து வாசலில் இறுகினால் பை அதை எதிர்த்து நெருக்கும், அதுதான் வலி. கல் பின்னால் விழுந்தால் வலி போய்விடும். அதனால்தான் அரை மணித்தியாலத்திலிருந்து ஐந்தாறு மணித்தியாலம் வரை நின்றுவிட்டு, வந்த மாதிரியே போகிறது. நடந்தாலும், ஏப்பம் விட்டாலும், மலம் கழித்தாலும் குறையாததும் அதனால்தான்.

கல் வாசலிலேயே சிக்கிக்கொண்டால் கதை வேறு. ஆறு மணித்தியாலம் தாண்டியும் வலி விடாவிட்டால், காய்ச்சல் நடுக்கம் வந்தால், கண் மஞ்சளாகி மூத்திரம் பிளேன்டீ நிறத்துக்கு மாறினால், வலி முதுகுக்குச் சுற்றி வந்து வாந்தி நிற்காமல் போனால், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 1990 இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும். நெஞ்சுக்குழியில் வலி என்றால் மாரடைப்பு இல்லை என்று ஈசிஜியில் பார்த்த பிறகுதான் பித்தப்பையை நினைக்க வேண்டும், அந்த விஷயத்தில் கிளினிக் செய்தது சரி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்து, 'கல் இருக்கு' என்று கேள்விப்பட்டுப் பயந்துபோன இரண்டு பேர் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். கல் இருக்கிறவர்களில் அதிகமான பேருக்கு அது ஆயுள் முழுக்க வலி தராமலே கிடக்கும், வலி இல்லாவிட்டால் வழக்கமாக ஒப்பரேஷனும் தேவையில்லை. சாப்பிட்டதும் வயிறு ஊதுவதும் புளியேப்பமும் மட்டும்தான் தொல்லை என்றால், பித்தப்பையை எடுத்தாலும் அது போகும் என்று நம்ப முடியாது. அக்காவின் வலி அந்த வகை இல்லை. சிறு துளைகள் போட்டுப் பையையே எடுத்தார்கள், அதுக்குப் பிறகு இரண்டு தீபாவளி போய்விட்டது, ஒரு இரவும் அவர் முற்றத்தில் நடக்கவில்லை.

அடுத்த முறை அந்தப் பக்கத்தில் வாய்வு பற்றி எழுதினால், வலி தொடங்கின நேரத்தையும் விட்ட நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு டொக்டரிடம் போகச் சொல்லி ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களுவாஞ்சிகுடி.